பூனைப் பராமரிப்பு அட்டவணை: எந்த வேலை எந்தப் பிள்ளைக்கு?

வாசகி கேள்வி: மதுரையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். என் மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8 வயது, கொழுந்தனார் மகளுக்கு 5 வயது. மூவரும் அடம்பிடித்ததால் ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு நாட்டுப் பூனைக் குட்டியை எடுத்து வந்தோம். ஆண் பூனை, பெயர் முத்து, கருத்தடை ஆகிவிட்டது, எடை நாலரைக் கிலோ. ரேபிஸ் தடுப்பூசி போன வருடம் போட்டோம். பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பான், அவ்வப்போது மொட்டை மாடிக்குப் போவான். இதுவரை எல்லா வேலையையும் நானே பார்த்தேன். இப்போது எனக்கு நான்காவது மாதம். பூனை முடி வயிற்றுக்குள் போனால் கருவுக்கு ஆபத்து, அதை மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். எனக்கு மனமில்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்து, மணல் தட்டு அள்ளுவது முதல் குளிப்பாட்டுவது வரை அவர்களே செய்யும்படி வார அட்டவணை போட்டிருக்கிறேன். யாராவது மறந்தால் அந்த வேளை பூனை பட்டினி கிடக்கட்டும், அப்போதுதான் பொறுப்பு வரும் என்கிறார் கணவர். போன மாதம் மகன் கையில் முத்து கீறி லேசாக ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தோம். எங்கள் அட்டவணை சரியா?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டவணை போடும் யோசனை நல்லது. அதில் மணல் தட்டு இருக்கும் இடமும், ஆளுக்கு ஒரு நாள் என்ற முறையும்தான் சரியில்லை. இரண்டையும் மாற்றிவிட்டால் மீதி எளிதாக அமைந்துவிடும். பூனையை வெளியே விட வேண்டிய அவசியம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. பட்டினி கிடந்து துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம் என்பதையும் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ந்த ஒரு பூனை, மார்க்கெட்டில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கும் பூனைகளோடு சண்டையிட்டுப் பிழைப்பது கடினம்.

கர்ப்பமும் மணல் தட்டும்

முடியைப் பற்றிய பயம் நம் வீடுகளில் மிகப் பழையது. வாய் வழியாகப் போகும் முடி உணவுக் குழாயில் சென்று வெளியேறிவிடும். கருப்பைக்குப் போக அதற்கு வழியில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. எலி, அணில், பறவை, பச்சை இறைச்சி ஆகியவற்றிலிருந்து பூனைக்கு அது தொற்றும். முதன்முறை தொற்றியதும் சுமார் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை பூனையின் மலத்தில் அதன் நுண்ணிய முட்டைகள் வெளியேறும். கர்ப்பக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதல் தடவையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கக் கூடும். ஆகவே மாமியாரின் கவலை முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் முடியைக் குற்றம் சொல்கிறார், நான் மலத்தைச் சொல்கிறேன்.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. வெளியே வந்த முட்டை அந்த நிமிடமே தொற்றாது. தொற்றும் நிலையை அடைய அதற்குக் குறைந்தது ஒரு நாளாவது, சில சமயம் ஐந்து நாள்கள் வரையும் ஆகும். எனவே ஒவ்வொரு நாளும் தவறாமல் தட்டை அள்ளிவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அள்ளுபவர் நீங்களாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முத்து உங்கள் மடியில் வந்து படுப்பதால் இது தொற்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். அதைவிட, சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும், தெருப் பூனைகள் தோண்டிப் போகும் மாடித் தொட்டி மண்ணும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை. தொட்டிச் செடிகளில் கை வைக்கும்போது கையுறை அணியுங்கள். உங்களுக்கு இந்தத் தொற்று முன்பே வந்து போயிருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில் அறியலாம். அது தேவையா என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் பூனை இருப்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அள்ளக் கூடாது என்பதால் பிள்ளைகள் அள்ளலாம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அதை நான் ஏற்கவில்லை. 5 வயதுக் குழந்தையின் கை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வாய்க்குப் போகிறது என்று உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே காரணம் புரியும். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா மட்டும் இருப்பதில்லை; உருண்டைப் புழுவின் முட்டைகளும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளும் இருக்கலாம். அள்ளும்போது எழும் மணல் தூசி வேறு, இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. உங்கள் வீட்டில் இரவு 9 மணிக்கு வரும் கணவர் இருக்கிறார், கொழுந்தனாரும் ஓரகத்தியும் இருக்கிறார்கள். மணல் தட்டு கணவருடைய வேலை. அவர் ஊரில் இல்லாத நாளில் கொழுந்தனாருடையது. அட்டவணையில் இந்த வரியைப் பெரியவர்களின் பெயரோடு முதலில் எழுதுங்கள். பிள்ளைகளின் பட்டியலில் பெரியவர் பெயரும் இருந்தால், இது தங்கள் தலையில் கட்டப்பட்ட வேலை என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள்.

நாளைப் பிரிக்காதீர்கள், வேலையைப் பிரியுங்கள்

ஆளுக்கு ஒரு நாள் என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரிகிறது. ஆனால் புதன்கிழமை 5 வயதுக் குழந்தையின் முறை என்றால், அன்றைக்கு உணவு, தண்ணீர், சீவுதல், விளையாட்டு எல்லாம் அவள் தலையில் விழுகின்றன. அவளால் முடியாது, யாராவது ஒருவர் பாதியில் புகுந்து செய்வார், செய்து முடித்தது யார் என்பதில் குழப்பம் வரும். பூனைக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கை, ஒவ்வொரு நேரம் என்றால் ஒத்துவராது. ஆகவே வயதுக்கு ஏற்ற வேலையைப் பிள்ளைக்கு நிரந்தரமாகக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு நான் போடும் அட்டவணை இப்படி இருக்கும்.

காலை 7 மணிக்கு உணவும் தண்ணீரும். உணவு 12 வயது மகளின் பொறுப்பு. முத்துவின் எடையுள்ள, கருத்தடை செய்த பூனைக்கு ஒரு நாளைக்கு உலர் உணவு ஏறக்குறைய 60 கிராம் போதும். நீங்கள் வாங்கும் பாக்கெட்டின் பின்புறம் எடைவாரியாக அளவு அச்சிட்டிருக்கும், அதையே கணக்காகக் கொள்ளுங்கள். காலை 30, மாலை 30 என்று சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்து, அந்த அளவு வரும் இடத்தில் ஒரு டம்ளரில் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டுவிட்டால் அப்புறம் தராசு வேண்டியதில்லை. இந்தக் கோடு ஏன் முக்கியம் என்றால், கூட்டுக் குடும்பத்துப் பூனைகள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் குண்டாகவே வருகின்றன. ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. பூனையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது. சின்னவள் போகிற போக்கில் போடும் ஒரு கைப்பிடி 20 கிராம் இருந்தால், அது முத்துவின் ஒரு நாள் உணவில் மூன்றில் ஒரு பங்கு. அட்டவணையில் உணவு வைத்தவுடன் போடும் டிக் இரண்டாவது முறை வைப்பதைத் தடுப்பதற்காகவே. பிள்ளையைப் பாராட்டுவது அதன் வேலை இல்லை.

உணவு வைக்கும்போதே மகள் இன்னொன்றையும் எழுத வேண்டும்: முந்தைய வேளை உணவு தீர்ந்ததா, பாதி மீந்ததா, தொடவே இல்லையா. இதற்கு ஒரு முழு வட்டம், அரை வட்டம், வெறும் வட்டம் போதும். வழக்கமாக நன்றாகச் சாப்பிடும் பூனை ஒரு முழு நாள் தொடாமல் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குண்டான பூனை சில நாள்கள் சாப்பிடாமல் இருந்தால் உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தண்ணீர் 5 வயதுக் குழந்தையின் வேலை, ஓரகத்தியின் கை எட்டும் தூரத்தில். எவர்சில்வர் கிண்ணத்தைப் பெரியவர் கழுவித் தர, அவள் சின்னச் செம்பால் ஊற்றட்டும். சிந்தும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். கிண்ணம் மணல் தட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். உலர் உணவு சாப்பிடும் ஆண் பூனைக்கு எப்போதும் நல்ல தண்ணீர் கிடைப்பது மிக முக்கியமானது என்பதால், இதைக் குழந்தைக்கென்று ஒதுக்கிய ஒப்புக்கான வேலை என்று எண்ண வேண்டாம். பாலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். அவள் தன் பங்கு தயிர்சாதத்தையோ, வெங்காயம் பூண்டு போட்ட குழம்பில் பிசைந்ததையோ ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக் கூடியவை.

மாலை ஐந்தரை மணிக்கு உணவின் இரண்டாவது பாதி, பிறகு 8 வயது மகனின் பத்து நிமிட விளையாட்டு. குச்சியின் நுனியில் இறகோ துணியோ கட்டியது நல்லது. விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டுவது கூடாது. விரல் விளையாட்டுப் பொருள் என்று குட்டியிலிருந்து கற்றுக்கொண்ட பூனைதான் வளர்ந்த பிறகு கையைக் கடிக்கிறது. போன மாதக் கீறலும் இப்படித்தான் நடந்ததா என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். விளையாடி முடித்ததும் குச்சியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் டிக் போட வேண்டும். கயிறும் நூலும் பூனையின் நாக்கில் உள்ள முட்களில் சிக்கினால் அதனால் துப்ப முடியாது, விழுங்கவே செய்யும். குடல் நூலின் மேல் சுருக்குப் பையைப் போலச் சுருங்கி அறுபட்டுவிடும். மதுரை வீடுகளில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு: பூ கட்டிய நூலும், தலையிலிருந்து எடுத்துப் போட்ட வாடிய மல்லிகைச் சரமும். அவற்றை மூடியுள்ள குப்பைக் கூடையில் போடுவதை மகனின் மாலை வேலையில் சேர்த்துவிடுங்கள். எப்போதாவது பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் யாரும் இழுக்கக் கூடாது, அப்படியே கொண்டுவாருங்கள்.

புதனும் சனியும் மகனுக்குச் சீவும் வேலை, ஐந்து நிமிடம், நீங்களோ மாமியாரோ பக்கத்தில் அமர்ந்திருக்க. முதுகை மட்டும், முடி போகும் திசையில் சீவினால் போதும். வயிறும் வாலும் வேண்டாம். வால் தொடங்கும் இடத்தில் முடியை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மிளகுத்தூள் போன்ற கறுப்புத் துகள்கள் இருந்தால், இரண்டை எடுத்து நனைத்த வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண்ணில்லை, தெள்ளுப்பூச்சியின் கழிவு. பூனையின் ரத்தம்தான் அப்படிக் கரைகிறது. எட்டு வயதுப் பையன்கள் இந்தச் சோதனையை விட்டுவைக்க மாட்டார்கள், நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்காது. வட்டமாக முடி உதிர்ந்த திட்டு தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். அன்றைக்கே சீவுவதையும் மடியில் தூக்குவதையும் நிறுத்திவிட்டுப் பூனையைக் காட்டுங்கள்.

குளிப்பாட்டுவதை அட்டவணையிலிருந்தே அடித்துவிடுங்கள். உடல்நலமுள்ள, குட்டை முடிப் பூனைக்கு வாராவாரம் குளியல் தேவையே இல்லை. நாளெல்லாம் அது தன்னை நக்கியே சுத்தம் செய்துகொள்கிறது. வாளிக்குள் பிடித்து அமுக்கிய பூனை பிள்ளையின் முகத்தைப் பிறாண்டும் வாய்ப்பே அதிகம். நகம் வெட்டுவது, மருந்து கொடுப்பது, கழுத்தில் தெள்ளுப்பூச்சி மருந்து விடுவது ஆகியவையும் பெரியவர்களின் வேலைகளே. மருந்து விட்ட இடம் நன்றாகக் காயும்வரை பிள்ளைகள் தொடக் கூடாது. நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று முத்துவுக்கு விட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் நரம்புகளைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும்.

இரவு 9.30 மணிக்குக் கணவர் மணல் தட்டை அள்ளுவார். மகள் ஓரடி தள்ளி நின்று, சிறுநீர் பட்டு உருண்ட கட்டிகள் எத்தனை, மலம் கெட்டியா தளர்வா என்று கேட்டு எழுதுவாள். கை வைக்க மாட்டாள். இந்த எண்ணிக்கை எனக்கு மிகவும் உதவும். பூனைக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டிவரும் பத்துப் பேரில் ஒருவராவது அது கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று சொன்னால் எனக்கு அன்று நல்ல நாள். தினம் மூன்று கட்டி இருக்கும் தட்டில் திடீரென்று சின்னச் சின்னதாக ஏழெட்டு இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது செய்தி.

ஞாயிறு காலை தட்டு முழுவதையும் கொட்டி, சோப்பு போட்டுத் தேய்த்து, கொதிக்கும் நீர் ஊற்றி, வெயிலில் காயவைப்பது கொழுந்தனாரின் பங்கு. இந்த நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம். பினாயில் ஊற்றவே கூடாது. வெள்ளையாகக் கலங்கும் பினாயில் வகைகளும் டெட்டாலும் பூனைக்கு விஷம். பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே தீரும். தரையைத் துடைத்தாலும் நன்றாகக் காய்ந்த பிறகே முத்துவை உள்ளே விடுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு எடை. கணவர் முத்துவைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நிற்கட்டும், பிறகு தனியாக நிற்கட்டும். மகள் கழித்து எழுதட்டும். நாலரைக் கிலோ பூனையில் கால் கிலோ கூடினாலும் குறைந்தாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மேற்பார்வை என்றால் என்ன

பெரியவர் வீட்டில் இருப்பது மேற்பார்வை ஆகாது. சின்னவளுக்கு, பூனையோடு இருக்கும் நேரம் முழுவதும் ஒரு பெரியவரின் கை எட்ட வேண்டும். மகனுக்கு, சீவும்போது பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விளையாடும்போது அதே அறையில் பார்வையில் இருந்தால் போதும். மகளுக்கு, வேலை முடிந்த பிறகு போய்ப் பார்த்து, டிக்கின் பக்கத்தில் பெரியவரும் கையெழுத்துப் போட்டால் போதுமானது. தொட்ட பிறகு மூவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை ஒவ்வொரு வேலையின் கடைசிப் படியாகவே வையுங்கள். தனி வரியாக எழுதினால் அதைத்தான் முதலில் விடுவார்கள்.

சின்னவளுக்குத் தடவும் விதம் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். தலையிலும் தாடைக்குக் கீழும் மட்டும், மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். முத்து நெருங்கி வந்து முட்டினால் மறுபடி மூன்று முறை. நகர்ந்து போனால் துரத்தக் கூடாது. வால் நுனி சட்டென்று அடிப்பது, காது பக்கவாட்டில் மடிவது, முதுகுத் தோல் அலைபோல நெளிவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கையை எடுக்க வேண்டும். திடீரென்று கடித்துவிட்டது என்று சொல்லப்படும் கடிகளுக்கு முன்னால் பெரும்பாலும் இவை நடந்திருக்கும். பூனை சாப்பிடும்போதும், தூங்கும்போதும், மணல் தட்டில் இருக்கும்போதும் யாரும் தொடாமல் இருப்பது மூவருக்கும் பொது. இன்னொன்று: சின்னவள் கொழுந்தனாரின் மகள். அட்டவணையில் அவள் பெயரை எழுதும் முன் அவளுடைய அம்மா அப்பாவின் சம்மதத்தைக் கேட்டுவிடுங்கள். பிறகு ஒரு கீறல் விழுந்தால், பேச்சு பூனையைப் பற்றி மட்டும் இருக்கும்.

பட்டினித் தண்டனை

உங்கள் கணவர் சொல்லும் முறையில் தவறு செய்பவர் ஒருவர், தண்டனை பெறுவது இன்னொருவர். போதிய உணவும் தண்ணீரும் தராமல் இருப்பதும் மேற்சொன்ன அதே 11ஆவது பிரிவில்தான் வருகிறது, அதற்குப் பொறுப்பு உரிமையாளர். பிள்ளையைக் காரணம் காட்ட முடியாது. ஒரு வேளை தவறினால் பூனை செத்துவிடாது என்பது உண்மை. ஆனால் பசியோடு கத்தும் பூனையைப் பார்த்துப் பரிதாபப்படும் சின்னவள் ரகசியமாகக் கைப்பிடி போடுவாள், உங்கள் 60 கிராம் கணக்கு அன்றோடு போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு கெடு வையுங்கள்: 7.30 மணிக்குள் டிக் விழவில்லை என்றால் பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் உணவை வைத்து, அந்தக் கட்டத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பில் எழுதிவிடட்டும். ஞாயிறன்று சிவப்பு எழுத்துகளை எண்ணினால் யாருக்கு எந்த நேரம் ஒத்துவரவில்லை என்பது தெரிந்துவிடும். மகளுக்குக் காலையில் டியூஷன் இருக்கும் நாள்களில்தான் சிவப்பு விழுகிறது என்றால், குறை மகளிடம் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

கீறலும் கடியும்

மகனின் போன மாதக் கீறலைப் பற்றி இப்போது பயப்பட வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேபிஸ் கிருமியை அந்த நேரத்தில் எச்சிலில் சுமக்கும் பூனை பத்து நாள்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். முத்து ஒரு மாதமாக நலமாக இருக்கிறான். ஆனால் அந்தப் பத்து நாள்களை நீங்கள் மஞ்சளை நம்பிக் கடத்தினீர்கள், அதுதான் தவறு. ரத்தம் வந்த கீறலும், பல் பதிந்த கடியும் ரேபிஸ் கணக்கில் மிகத் தீவிரமான மூன்றாம் வகையில் சேரும். வளர்ப்புப் பூனை என்பதும், ஒரு தடுப்பூசி போட்டது என்பதும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் காரணங்கள் ஆகா. மொட்டை மாடிக்குப் போகும் பூனை வேறு எந்தப் பிராணியைச் சந்தித்தது என்று யாருக்கும் தெரியாது.

இனி கீறினாலோ கடித்தாலோ, குழாயைத் திறந்து ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம், தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசியும் போடுவார்கள். பூனைக் கடி வெளியே ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரிந்தாலும் ஆழமாக இறங்கும். ஓரிரு நாளில் சிவந்து வீங்கிச் சீழ் பிடிப்பது சாதாரணம். கீறிய பின் ஒன்று முதல் மூன்று வாரங்களில் அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால், பூனை கீறியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பிள்ளைகள் கீறலை மறைப்பது திட்டுக்கும் பூனையை விட்டுவிடுவார்களோ என்ற பயத்துக்கும்தான். கீறலைச் சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று மாமியார் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன்

முத்துவுக்கு ரேபிஸ் ஊசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த ஊசியைப் போட்ட பிறகே அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். நம் ஊரில் அதை ஆண்டுதோறும் போடுவதே வழக்கம். அதே வருகையில் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடலாம். மாடிக்குப் போகிற பூனை என்பதால் அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொடருங்கள். ஊசி, புழு மருந்து இரண்டின் அடுத்த தேதிகளையும் அட்டவணையின் மேல் ஓரத்தில் எழுதுங்கள்.

அட்டவணையின் கீழ் ஓரத்தில் உங்கள் கால்நடை மருத்துவரின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் எழுதி, அதன் அருகே ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: "முத்து தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், எந்த நேரமானாலும் பெரியவர்களை எழுப்பவும்." ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காலைவரை காத்திருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கட்டிகளை எண்ணி எழுதும் உங்கள் மகளுக்கு அது வீட்டில் மற்ற எல்லோருக்கும் முன்பாகத் தெரிந்துவிடும். அவள் வந்து சொன்னால், இரவு இரண்டு மணியானாலும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.